முகூர்த்தப் பட்டு பாழானால் தையற்கூலி மட்டும்தானா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற தண்டலத்தில் ஒரு பெண் வாடகைக்குத் தங்கி, ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாளில் தென்காசியில் கல்யாணம். 18,000 ரூபாய்க்கு எடுத்த முகூர்த்தப் பட்டிலிருந்து ஜாக்கெட் துணியை வெட்டி, அளவு ஜாக்கெட்டோடு பக்கத்துத் தையற்கடையில் கொடுக்கிறார். தையலுக்கும் ஆரி வேலைக்கும் சேர்த்து 4,500 ரூபாய். வாங்கப் போகும்போது கழுத்து ஒரு அங்குலம் அதிகமாக இறங்கியிருக்கிறது, தோள் நிற்கவில்லை.

"அளவு ஜாக்கெட் நீங்க குடுத்ததுதானேம்மா. வேணும்னா தையக்கூலியத் திருப்பித் தந்துடறேன்."

"துணி போச்சேண்ணே, அதுக்கு யாரு பொறுப்பு?"

இந்தக் கேள்விக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மாதிரியான தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அடுத்தவர் பொருளை வேலைக்காக வாங்கி வைத்திருப்பவரும் அவ்வளவு கவனம் காட்ட வேண்டும். கவனக்குறைவால் அது கெட்டால் நஷ்டமும் அவருடையது. கூலி வாங்கிக்கொண்டு தைப்பது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவையும்கூட. ஆகவே கூலியைத் திருப்பித் தந்ததோடு தையல்காரரின் பொறுப்பு முடிந்துவிடாது.

ஆனால் தவறு யாருடையது என்று காட்டியாக வேண்டும். ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால், உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறாரா என்று பாருங்கள். விட்டிருந்தால் பிரித்துத் தளர்த்திவிடலாம். கழுத்தோ அக்குளோ அதிகமாக வெட்டுப்பட்டுவிட்டால் சரிசெய்ய வழி குறைவு. பட்டில் ஊசி போன துளை தெரியும் என்பதால் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தாலும் துணி கெடும். அதனால் "குடுங்க, சரி பண்றேன்" என்று அவர் கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அளவு ஜாக்கெட்டையும் புது ஜாக்கெட்டையும் அருகருகே விரித்து, அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். இரண்டின் கழுத்தும் ஒன்றாகவே இருந்தால் தையல்காரர் சொன்னது சரி, உங்கள் கோரிக்கை நிற்காது. வேறுபட்டால் அந்தப் படம்தான் உங்கள் முதல் சாட்சி. கொடுத்த துணி, அளவு, தேதி, கூலி எழுதிய ரசீதும் வேண்டும். சின்னக் கடைகளில் ரசீது தரும் வழக்கமில்லை, பணத்தை யு.பி.ஐ.யில் செலுத்தி, விவரத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்தால் அதுவும் பயன்படும்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் பேச்சு முறிகிறது. புடவை முழுசாக இருக்கும்போது 18,000-ஐயும் கேட்பது நியாயமில்லை. 4,500 ரூபாய் கூலி, அதே தரத்தில் புதுப் பட்டுத் துணியின் விலை, அவசரமாக வேறிடத்தில் தைத்ததில் கூடுதலாக ஆன செலவு என்று பில்லோடு கேட்டால் மறுக்க இடமிருக்காது. கடைக்காரரும் பல மாத வருமானத்தை இழக்காமல் சமாதானத்துக்கு வர முடியும். நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் எதிர்த்தரப்போடு பேசித் தீர்க்க முயல்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு. கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வசதி: புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலும் மனு போடலாம். கல்யாணத்துக்குப் பிறகு தென்காசியிலேயே தங்கிவிட்டாலும், தண்டலத்துத் தையற்கடை மீது அங்கிருந்தே போடலாம். வேலைக்காக ஊர் ஊராக மாறுகிறவர்களுக்கு இது மிகப் பெரிய விஷயம்.

இவ்வளவு சின்னத் தொகைக்கு ஆணையம் காது கொடுக்குமா என்று தயங்க வேண்டாம். அகமதாபாத்தில் ஒரு பெண் 2024 டிசம்பரில் நடந்த உறவினர் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க 4,395 ரூபாய் முன்பணம் கொடுத்தார். சொன்ன வடிவத்தில் தைக்கவில்லை. சரிசெய்து தருவதாகச் சொன்னவர் கல்யாண நாளுக்குள் தரவுமில்லை. வழக்குப் போட்டார். தையல்காரர் ஆஜராகவே இல்லை. பணத்தை 7 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியே தொகை தரவும் 2025-இல் ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வருவதற்குள் கல்யாணம் முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. அதனால் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஜாக்கெட்டை வாங்கி, கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.