தரை வரும் வேகம்

1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒருவர் தன் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மேடும் பள்ளமுமான சாலை. எதிர்பாராமல் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள் கண்ணில் பட்டார்கள். அவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, 46 வயதில் இறந்துபோனார். முதல் உலகப் போர்க் காலத்தில் பாலைவனச் சண்டைகளில் உயிர் தப்பி ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகப் புகழ் பெற்றவர் அவர்.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற ஆஸ்திரேலியரும் ஒருவர். மூளை அறுவை சிகிச்சை அப்போதுதான் தனித்துறையாக வளர்ந்துகொண்டிருந்தது. கெய்ர்ன்ஸ் அதில் தேர்ந்தவர். ஆனாலும் லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. அடிபட்ட மூளையைச் சரிசெய்வதற்கு அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு குறைந்த சக்தி இருக்கிறது என்று அந்தத் துறைக்காரர்களுக்கே நன்றாகத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடிதமும் கட்டளையும் கொண்டு போகும் ராணுவ பைக் வீரர்கள், விளக்கணைத்த இருட்டுச் சாலைகளில் விழுந்து சாகத் தொடங்கினார்கள். 1941-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பைக் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 2,279 பேர் பிரிட்டனில் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் போட்டபடி தலையில் அடிபட்டவர்கள் என்று அவருக்குக் கிடைத்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் ராணுவம் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அதே சட்டம் பிரிட்டனில் வந்தது 1973-இல். அதற்கு 21 ஆண்டுகள் முன்பே கெய்ர்ன்ஸ் காலமாகிவிட்டார்.

ஹெல்மெட் என்னதான் செய்கிறது? வெளியே தெரியும் கெட்டி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான வேலையைச் செய்வது உள்ளே ஒட்டியிருக்கும் தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வரும் அதே வகைப் பொருள், கொஞ்சம் அடர்த்தியானது. தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்த இரண்டரை சென்டிமீட்டருக்குள் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. ஓடு, அந்த அடியைப் பரவலாக்குகிறது. கூர்மையான கல்லோ கம்பியோ உள்ளே இறங்காமல் தடுக்கிறது.

இங்கேதான் நம் ஊர் சாக்கு ஒன்று அடிபட்டுப் போகிறது. “பக்கத்துத் தெருதானே, மெதுவாத்தானே போறேன்.” ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி சறுக்கி அவர் பக்கவாட்டில் சாய்ந்தால், தலை அந்த ஒன்றரை மீட்டரையும் விழுந்து கடக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குதான்: தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். வண்டி எண்பதில் போனாலும் இருபதில் போனாலும், சிக்னலில் நின்றுகொண்டே சாய்ந்தாலும், தரையை நோக்கி இறங்கும் இந்த வேகம் பெரிதாக மாறாது. பால் வாங்கப் போகிறவருக்கும் திருச்சிக்குப் போகிறவருக்கும் தரை ஒரே வேகத்தில்தான் வருகிறது. வண்டியின் வேகம் கூடினால் லாரி, கம்பம், தடுப்புச் சுவர் என்று எதிரில் இருப்பவற்றில் மோதும் அபாயம் கூடும்; அது தனிக் கணக்கு.

வெறும் தலை தார்ச் சாலையில் மோதும்போது தோலும் எலும்பும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர் இடம் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தெர்மாகோலோ இருபத்தைந்து மில்லிமீட்டர் கொடுக்கிறது. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் எட்டு மடங்கு கூடினால், மூளைக்குப் போகும் அதிர்ச்சி எட்டில் ஒரு பங்காகிவிடும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொன்னது. நூறு சதவீதம் இல்லை. மார்பிலும் வயிற்றிலும் படும் அடிக்கு ஹெல்மெட் என்ன செய்யும்?

ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழையபடி விரியாது. அதனால் ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், தன் வேலையை முடித்துவிட்டது. அதைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

2022-இல் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

ஆனால் நம் தெருக்களில் ஹெல்மெட்டே இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. பெட்ரோல் டேங்கின்மேல் இருக்கிறது, முழங்கையில் தொங்குகிறது, போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏறுகிறது. ஏறினாலும் கிளிப் போடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, பட்டையால் தலையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. காரணம் எளிது. விழும்போது தலை பல தடவை மோதும். கிளிப் போடாத ஹெல்மெட் முதல் மோதலிலோ அதற்கு முன்போ கழன்று சாலையில் தனியாக உருண்டுவிடும்.

போட்டிருப்பது சரியாக நிற்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கிளிப்பைப் போட்டுவிட்டு, பின்பக்க விளிம்பில் கைவைத்து ஹெல்மெட்டை முன்னோக்கித் தூக்கித் தள்ள வேண்டும். நெற்றியைத் தாண்டிக் கண்ணை மறைத்துக்கொண்டு கழன்று வந்தால், அளவு பெரிது அல்லது பட்டை தளர்வு.

அடுத்த சிக்கல் போலி. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்க அனுமதியில்லை. ஆனாலும் சாலையோரத்தில் தொப்பி மாதிரி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க முடிகிறது. முத்திரையை ஸ்டிக்கராக அச்சடிப்பது பெரிய வித்தை இல்லை. முத்திரையோடு IS 4151 என்ற தர எண்ணும், CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை BIS Care செயலியில் தட்டினால், அது எந்த நிறுவனத்துடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். உள்துணியை விலக்கிப் பார்க்கலாம்; கெட்டியான தெர்மாகோல் இல்லாமல் மெல்லிய ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால் அது வெயிலுக்கான குல்லா, அவ்வளவுதான்.

இன்னொன்று, வீட்டில் இருக்கும் அந்த ‘பின்னால உட்கார்றவங்களுக்கான’ ஹெல்மெட். அம்மாவுக்கும் அதுதான், காலேஜ் போகும் மகளுக்கும் அதுதான், ஊரிலிருந்து வரும் மாமாவுக்கும் அதுதான். மூன்று தலையும் ஒரே அளவு இல்லை. புருவத்துக்குச் சற்று மேலே தையல்காரர் டேப்பைச் சுற்றினால் வரும் எண்ணைத்தான் ஹெல்மெட்டின் உள்ளே 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கடைக்குப் போகும்போது வண்டி ஓட்டுபவரின் தலையை மட்டும் கூட்டிப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.