அவல் ஊறும் நேரம்

அவல் ஏற்கெனவே பாதி வெந்த பண்டம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுமுன் இடித்தோ உருளையில் நசுக்கியோ தட்டையாக்குகிறார்கள். அதனால் அடுப்புக்குப் போகுமுன் அதற்கு வேண்டியது ஈரம்தான். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை அவலின் தடிமனும் அதில் ஒட்டியிருக்கும் தவிடும் தீர்மானிக்கின்றன.

மெல்லிய அவலை, அதாவது கடைகளில் பேப்பர் அவல் என்று கேட்டு வாங்குவதை, தண்ணீரில் போட்டு வைக்கவே கூடாது. வடிதட்டில் கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றி உடனே வடித்தால் ஓரிரு நிமிடத்தில் தயார். கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் கூழாகிவிடும். மிக்சருக்கு இதை நனைக்காமல் அப்படியே வறுக்கலாம்.

உப்புமாவுக்கு ஏற்றது கெட்டி அவல். ஒரு கப் அவலை இரண்டு முறை அலசி, தண்ணீரை முழுக்க வடித்து, மூடி பத்து நிமிடம் வைத்தால் போதும். இதழில் ஒட்டியிருக்கும் ஈரமே உள்ளே இறங்கி அதை மென்மையாக்கிவிடும். பிறகு ஒரு இதழை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்த வேண்டும். மாவாக மசிந்தால் பதம் சரி. நடுவில் நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் தெளித்து, இன்னும் ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாணலியில் போட்டால், சூட்டில் இருக்கிற ஈரமும் போய், உப்புமா தொண்டையை அடைக்கும்.

அதிகம் ஏமாற்றுவது சிவப்பு அவல். இது சிவப்பரிசி நெல்லிலிருந்து வருவது. தவிடு முழுவதும் நீங்காததால் தண்ணீர் மெதுவாகவே உள்ளே போகும். அலசி வடித்தால் மட்டும் போதாது. அவல் மூழ்கத் தண்ணீர் விட்டு, கெட்டி ரகமானால் இருபது நிமிடம் முதல் அரை மணி வரை ஊறவைத்து, பிறகு வடிக்க வேண்டும். மெல்லிய சிவப்பு அவலுக்கு ஐந்து நிமிடம் போதும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, கைப்பழக்கத்தில் வெள்ளை அவலின் கணக்கையே பின்பற்றுவதால்தான் பல வீடுகளில் இது ரப்பர் போல ஆகிறது.

வெல்லம் சேர்க்கும் இனிப்பு அவலுக்கு ஒரு விதி தனியே உண்டு. அவல் முழுதாக ஊறிய பிறகே வெல்லம் சேர வேண்டும். முன்பே சேர்த்தால் வெல்லம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவல் விறைப்பாகவே நிற்கும்.

ஒரே ரக அவலும் பழசானால் கூடுதலாக ஓரிரு நிமிடம் கேட்கும். ஆகவே கடிகாரத்தைவிட விரல் சோதனையையே நம்பலாம். அளவு மீறி ஊறிக் குழைந்ததை வீணாக்க வேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்தால் கட்லெட்டுக்கு அது நன்றாகப் பிடிக்கும்.