சந்துக்குள் இருக்கும் கடைக்கு வழி

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கை சுத்தமான வேலைக்காரர். கடையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. "மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டு போன் பண்றாங்க தம்பி. கையில இருக்கிறதைப் போட்டுட்டு நான் ஓடணும்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனை வாங்கி, கூகுள் மேப்பில் கடையைப் பதிய உட்கார்ந்தோம்.

முதலில் கடையின் பெயரை மேப்பில் தேடிப் பார்த்தோம். ஏற்கெனவே இருந்தது! கடைக்காரர்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தை மேப்பில் சேர்க்கலாம். எந்த வாடிக்கையாளர் சேர்த்தாரோ. இப்படி இருந்தால் புதிதாக இன்னொன்றைத் தொடங்கக் கூடாது. ஒரே கடை இரண்டாகத் தெரியும், விமர்சனங்களும் இரண்டாகப் பிரியும். இருப்பதையே "இது என் கடை" என்று உரிமை கோர வேண்டும். கடையே இல்லையென்றால்தான் business.google.com போய்ப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. "பட்டியலில் ஏற்றக் காசு கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் அது ஏமாற்று.

எந்த ஜிமெயிலில் நுழைகிறோம் என்பது முக்கியம். சிலர் கடை கடையாக வந்து, பணம் வாங்கிக்கொண்டு, தங்கள் ஜிமெயிலிலேயே பதிந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு போன் நம்பரை மாற்றக்கூட அந்த ஆளைத் தேட வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் கூகுள் வழியாக அவரிடம் உரிமை கேட்கலாம். பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அண்ணனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் பெயரிலேயே நுழைந்தோம்.

பெயரில் சின்ன வாக்குவாதம் வந்தது. "மிக்ஸி ரிப்பேர் மதுரை பெஸ்ட்" என்றும் சேர்த்துவிடலாமே என்றார். கூடாது. போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். மேலே ஒட்டினால் கூகுள் பதிவையே முடக்கிவிடலாம். என்ன வேலை என்பதைச் சொல்லத்தான் வகை என்ற கட்டம் தனியாக இருக்கிறது. அங்கே "எலக்ட்ரிக்கல் கடை" என்று பொதுவாகப் போடாமல், வீட்டுச் சாதனம் பழுது பார்ப்பது என்பதை முதல் வகையாகத் தேர்ந்தோம். மிக்ஸி ஓடாமல் போனவர் தேடும்போது கடை கண்ணில் பட அதுதான் உதவும். தேடுபவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், கடை எவ்வளவு பெயர் பெற்றது என்பதையும் கூகுள் சேர்த்தே பார்க்கும்.

அடுத்து பின். முகவரியை அடித்ததும் கூகுள் தானாகக் குத்திய சிவப்புப் பின், மெயின் ரோட்டு முனையில் நின்றது. ஆட்கள் அங்கே நின்று போன் செய்ததன் ரகசியம் புரிந்தது. நம் ஊர்ச் சந்துகளில் பழைய கதவு எண், புதிய எண் என்று குழம்பிக் கிடப்பதால் இப்படி நடக்கும். வரைபடத்தைப் பெரிதாக்கி, விரலால் பின்னை இழுத்து, கடை வாசலுக்கு மேல் வைத்தோம். கடை வைக்காமல் வீடு தேடிப் போய் வேலை செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவோம் என்பதை மட்டும் போடலாம்.

கடைசிப் படி, கடை உண்மைதானா என்ற சரிபார்ப்பு. போனா, மின்னஞ்சலா, வீடியோவா என்பதைக் கூகுள்தான் முடிவு செய்யும். எங்களுக்கு வீடியோ வந்தது. கடைக்குள் மட்டும் சுற்றிச் சுற்றி எடுத்து அனுப்பினோம், ஏற்கவில்லை. கடை இந்த இடத்தில்தான் இருக்கிறது, நடத்துவது இவர்தான் என்பது அதில் எங்கும் தெரியவில்லையே! மறுமுறை சந்து முனைத் தெருப் பலகையில் தொடங்கி, பக்கத்து டீக்கடை, கடை போர்டு, அண்ணன் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, மேசைமேல் பிரித்துப் போட்ட மோட்டார் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தோம். அரை நிமிடமாவது இருக்க வேண்டும். ஆட்களின் முகம் தேவையில்லை. பார்த்து முடிவு சொல்ல ஐந்து வேலை நாள் வரை ஆகலாம்.

பதிவு வெளியே தெரிந்ததும் என் போனில் வழி போட்டு, யானைக்கல்லிலிருந்து நடந்து பார்த்தேன். நேராகக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டது. ஷட்டர்தான் மூடியிருந்தது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை அண்ணன் சாப்பிடப் போய்விடுவார் என்பதை நேரக் கட்டத்தில் போட மறந்திருந்தோம்.