தோண்டிய மண்ணின் எடைக்கு ஒரு கட்டடம்

மெக்சிகோ நகரின் நடுவில் நிற்கிறது நுண்கலை மாளிகை. 1904இல் வேலை தொடங்கியபோது நான்கே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். இத்தாலியப் பளிங்கும் இரும்பும் கான்கிரீட்டும் ஏற ஏற, கட்டடம் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. நடுவே மெக்சிகோ புரட்சியும் வந்ததால் 1934இல்தான் திறக்க முடிந்தது. அதற்குள் மாளிகை மீட்டர் கணக்கில் உட்கார்ந்துவிட்டது.

குற்றம் கொத்தனார்களுடையது அல்ல, கீழே இருந்த மண்ணுடையது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அந்த இடம் டெஸ்கோகோ ஏரி. அதன் நடுத்தீவில் இருந்த அஸ்டெக் தலைநகரம்தான் பிறகு மெக்சிகோ நகரம் ஆனது. எரிமலைச் சாம்பல் ஏரித் தண்ணீரில் படிந்து காலப்போக்கில் களிமண்ணானது. நகரின் மையப் பகுதியில் ஏறக்குறைய 33 மீட்டர் ஆழம் போனால்தான் முதல் கெட்டி அடுக்கு கிடைக்கும். அதுவரை பெரும்பாலும் இந்தக் களிமண்தான். அதில் ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு இரண்டு முதல் நான்கு கிலோ வரை தண்ணீர் இருக்கும்.

இந்த மண்ணைக் கவனமாக வெட்டி எடுத்தால் கத்தியால் அறுத்த துண்டு அப்படியே வடிவம் மாறாமல் நிற்கும். அதே துண்டை விரல்களுக்கிடையே சற்று நேரம் பிசைந்தால் குழம்புபோல் ஆகிவிடும். தண்ணீர் புதிதாகச் சேரவில்லை. மண்துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற கட்டமைப்பு உடைந்துவிட்டது, அவ்வளவுதான். இதன் மேல் எடை வைத்தால், துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். அந்த அளவுக்கு மண் சுருங்கும், கட்டடமும் இறங்கும். இது ஒரு மழைக்காலத்தில் முடிவதில்லை. பல பத்தாண்டுகள் தொடரும்.

இப்படிப்பட்ட மண்ணில் எப்படிக் கட்டுவது? மெக்சிகோ பொறியாளர் ஹோசே குவேவாஸ் தந்த விடை எளிமையானது. பத்து அடி ஆழத்தில் இருக்கும் களிமண் தன் தலைக்கு மேலே உள்ள பத்து அடி மண்ணைப் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து நிற்கிறது. அந்தச் சுமைக்கு அது பழகிவிட்டது, சுருங்க வேண்டிய அளவு சுருங்கியும்விட்டது. மேலே உள்ள மண்ணைத் தோண்டி வெளியேற்றிவிட்டு, அதே எடைக்கு ஒரு கட்டடத்தை வைத்தால் அடியில் இருக்கும் களிமண்ணுக்குப் புதிய சுமை எதுவும் இல்லை. தேசிய லாட்டரி நிறுவனத்தின் கட்டடத்துக்கு அவர் வகுத்த இந்த அடித்தளத்தைப் பற்றிய கட்டுரை, 1936இல் ஹார்வர்டில் நடந்த முதல் உலக மண் இயக்கவியல் மாநாட்டில் இடம்பெற்றது. கட்டடம் 1946இல் திறக்கப்பட்டது.

பொறியாளர்கள் இதை ஈடுசெய்யும் அடித்தளம் என்றும் மிதக்கும் அடித்தளம் என்றும் சொல்கிறார்கள். தான் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமமான எடையைத் தாங்குகிறது படகு. இங்கே விலக்கியது மண்ணும் அதனுள் இருந்த தண்ணீரும். இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். படகில் ஒரு மூட்டை கூடுதலாக ஏற்றினால் சற்று அமிழ்ந்து உடனே நிலைகொள்ளும். களிமண்ணோ, பழகிய சுமையை மீறினால் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஆறு மாடி. கான்கிரீட் கட்டடத்தில் ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சுவர், தளப்பூச்சு, மேசை நாற்காலி, மனிதர்கள் எல்லாம் இதில் அடக்கம். ஆறு மாடிக்கு ஆறு டன். கீழே பேஸ்மென்ட்டாக அமையும் கான்கிரீட் பெட்டிக்கு இரண்டு டன். மொத்தம் சதுர மீட்டருக்கு எட்டு டன்.

இந்த இடத்துக் களிமண் ஒரு கன மீட்டருக்கு 1.6 டன் எடை என்போம். ஐந்து மீட்டர் ஆழம் தோண்டினால் சதுர மீட்டருக்கு எட்டு டன் வெளியேறும். தோண்டி எடுத்த மண் 3,000 கன மீட்டர், 4,800 டன். கட்டப்போகும் கட்டடமும் அதே 4,800 டன். கணக்கு நேராகிவிட்டது. தோண்டாமல் இதே மண்ணின் மேல் கட்டியிருந்தால், மென்மையான களிமண்ணில் சதுர மீட்டருக்கு நான்கு டன்னுக்கு மேல் ஏற்றத் துணிய முடியாது. மூன்று மாடியோடு நிறுத்த வேண்டியதுதான்.

அப்படியானால் எட்டு மீட்டர் தோண்டிப் பத்து மாடி கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் முதல் எல்லை வருகிறது. பள்ளம் ஆழமாக ஆக, பள்ளத்துக்கு வெளியே நிற்கும் மண்ணின் எடை கீழே அழுத்தி, பள்ளத்தின் அடித்தளத்தை உள்ளே பிதுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது களிமண்ணின் சொந்த வலிமை மட்டுமே. நார்வேயில் பியெரும், ஐடே என்ற இரு பொறியாளர்கள் 1956இல் இதற்கு ஒரு கணக்குமுறை தந்தார்கள். சுருக்கமாக, களிமண்ணின் வலிமையை ஆறால் பெருக்கி மண்ணின் எடையால் வகுத்தால் பள்ளம் எந்த ஆழத்தில் பிதுங்கும் என்று தெரியும். நம் களிமண்ணின் வலிமை சதுர மீட்டருக்கு இரண்டு டன் என்றால், விடை ஏழரை மீட்டர். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டால் ஐந்து மீட்டர். ஆகவே ஆறு மாடிதான் இந்த மண் தரும் வரம். பள்ளத்தின் விளிம்பில் தோண்டிய மண்ணையே குவித்து வைத்தால் அந்த ஐந்து மீட்டரும் ஆபத்தாகிவிடும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

பிதுங்காத பள்ளத்திலும் அடிமண் சற்று மேலே எழும். எட்டு டன் சுமையை இறக்கி வைத்ததும் களிமண் நிமிர்கிறது. இந்த முதல் எழுச்சி உடனே நடப்பது. பிறகு அது சுற்றிலுமிருந்து தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். இது நாள் செல்லச் செல்லக் கூடுவது. எழுந்த மண் கட்டடம் ஏறியதும் மறுபடி அமுங்கும். எடைக் கணக்கு எவ்வளவு நேராக இருந்தாலும் கட்டடம் கொஞ்சம் இறங்குவது இதனால்தான். எழுச்சியைக் குறைத்தால் இறக்கமும் குறையும்.

அதனால் முழுப் பள்ளத்தையும் ஒரே வீச்சில் திறந்து போடக் கூடாது. ஒரு பட்டையைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது கெட்டியான பிறகு அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். கடைசி அரை மீட்டரை முன்கூட்டியே எடுக்காமல், கான்கிரீட் வரும் நாளில்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் மெல்லிய கான்கிரீட் தளம் ஒன்றைப் போட்டு மூடிவிட வேண்டும். திறந்து கிடக்கும் களிமண்ணில் ஆட்கள் நடந்தாலே அது பிசைந்த துண்டின் கதிக்கு வந்துவிடும். தோண்டுவதற்கு முன்பே பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இரும்புக் குறிகளைப் புதைத்து வைத்து, அவை எவ்வளவு உயர்கின்றன என்று அளந்துகொண்டே போவார்கள். தோண்டுவது நின்ற பிறகும் குறி வேகம் குறையாமல் எழுந்தாலோ, பக்கத்து வீட்டுச் சுவர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து விரிசல் விட்டாலோ, பள்ளம் பிதுங்கத் தயாராகிறது என்று பொருள். அப்போது வேலையை நிறுத்தி, உள்ளே எடையைத் திருப்பி வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றால், ஐந்து மீட்டரில் இருக்கும் பெட்டியின் அடியைத் தண்ணீர் சதுர மீட்டருக்கு நான்கு டன் விசையோடு மேலே தள்ளும். பெட்டியின் எடையோ இரண்டு டன்தான். பெட்டி முடிந்துவிட்டதே என்று தண்ணீர் இறைக்கும் பம்ப்பை நிறுத்தினால் அது மேலே கிளம்பிவிடும், சமமாகவும் கிளம்பாது. இரண்டு மாடி எழும்பினால் நான்கு டன்னுக்கு நான்கு டன் சரியாகிறது. மூன்றாவது மாடி முடிந்த பிறகே பம்ப்பை நம்பிக்கையோடு நிறுத்தலாம். பணம் தீர்ந்து பேஸ்மென்ட்டோடு வேலை நின்றுபோவது, மற்ற அடித்தளங்களைவிட இந்த அடித்தளத்துக்குப் பெரிய ஆபத்து.

கட்டி முடித்த பின் எட்டு டன்னில் நான்கைத் தண்ணீரும் நான்கை மண்ணும் தாங்கும். சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் இறக்கினால் தண்ணீரின் பங்கு இரண்டாகக் குறைந்து மண்ணின் பங்கு ஆறாக ஏறும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் கூடாமலே களிமண்ணுக்குப் புதிய சுமை வந்துவிடுகிறது. மெக்சிகோ நகரமே இறங்குவதற்குக் காரணம் இப்படி நிலத்தடி நீரை இறைத்ததுதான் என்று 1940களில் நபோர் கரீயோ என்ற பொறியாளர் காட்டினார். மிதக்கும் அடித்தளத்தில் நிற்கும் கட்டடம் தெருவோடு சேர்ந்து இறங்கும். ஆழத்துக் கெட்டி அடுக்கில் பைல் ஊன்றி நிற்கும் கட்டடத்துக்கோ தெரு கீழே போய், வாசல் மேலே நின்றுவிடும். அந்நகரின் சுதந்திர நினைவுத்தூணுக்கு அதனால்தான் பின்னாளில் கூடுதல் படிகள் கட்ட வேண்டி வந்தது.

ஈடுகட்டத் தோண்டும் ஆழம் போதாதபோது இரண்டு வழிகளையும் சேர்ப்பதுண்டு. 44 மாடி கொண்ட லத்தீன் அமெரிக்கக் கோபுரம், நுண்கலை மாளிகைக்கு அருகில் 1956இல் முடிந்தது. லியோனார்டோ சேவார்ட் வகுத்த அடித்தளம் அது. 13 மீட்டர் தோண்டி எடையின் ஒரு பங்கை ஈடுகட்டினார். மிச்சத்தை 361 கான்கிரீட் பைல்கள் வழியாக 33 மீட்டருக்குக் கீழே உள்ள கெட்டி அடுக்குக்குக் கொண்டுபோனார். தோண்டும்போது பள்ளத்துக்குள் தண்ணீரை இறைத்தார், வெளியே மண்ணுக்குள் தண்ணீரைச் செலுத்தினார். உள்ளே அடிமண் எழாமலும், வெளியே அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் இறங்காமலும் இருக்கவே இந்த இரட்டை வேலை. 1957, 1985, 2017 ஆகிய மூன்று பெரும் நிலநடுக்கங்களையும் தாண்டி கோபுரம் நிற்கிறது.

ஆகவே மிதக்கும் அடித்தளம் ஒருநாள் போட்டு மறக்கும் வேலை அல்ல. மென்மையான களிமண்ணில் பேஸ்மென்ட் வைத்துக் கட்ட நினைப்பவர்கள், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். களிமண்ணின் வலிமையை அளந்தீர்களா? பள்ளத்தின் எழுச்சியைத் தினமும் யார் குறித்து வைப்பார்? எந்த மாடி முடிந்ததும் பம்ப்பை நிறுத்துவீர்கள்? மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்த பிறகே மண்வெட்டியைத் தொட விடுங்கள்.