இல்லாத எட்டுப் பக்கெட்

கடை முகாமையாளர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கிறது. உறைப்புக் கறித்தூள் பக்கெட் 8 இருப்பதாகக் கணினி சொல்கிறது. றாக்கையில் ஒன்றுகூட இல்லை. என்ன செய்வீர்கள்?

யார் எடுத்தது என்று பார்ப்பேன் என்பதுதான் பலருக்கும் முதலில் வாயில் வரும். ஆனால் அந்த எட்டுப் பக்கெட்டை யாருமே எடுத்திருக்க வேண்டியதில்லை. காசு ஒரு சதமும் குறையாமல், களவும் இல்லாமல், ஒரு சாமான் கணினிக்குள் மட்டும் உயிரோடு இருக்க முடியும்.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்வோம். ஒரே கொம்பனியின் கறித்தூள் இரண்டு வகை: ஒன்று சாதாரணம், மற்றது உறைப்பு. விலை ஒன்று, பக்கெட்டும் ஏறக்குறைய ஒன்று, பார்கோட் மட்டும் வேறு. இரண்டிலும் இருபது இருபது இருக்கிறது. ஒரு அம்மா சாதாரணத்தில் இரண்டும் உறைப்பில் இரண்டும் எடுத்து வருகிறார். பின்னால் வரிசை கதவு வரை நிற்கிறது. காசாளர் கையில் அகப்பட்ட சாதாரணப் பக்கெட்டை ஒரு தரம் காட்டி, நான்கு என்று தட்டி, எல்லாவற்றையும் பையில் போடுகிறார். பில் சரி, காசும் சரி. அன்றைக்கு இப்படி நான்கு பேர்.

இப்போது கணினியில் சாதாரணம் 4, உறைப்பு 20. உண்மையில் இரண்டிலும் 12. அடுத்த நாட்களில் உறைப்பு பன்னிரண்டும் ஒழுங்காக பில் போட்டு விற்றுத் தீர்கின்றன. றாக்கை வெறுமை, கணினியில் 8. ஆறுக்குக் கீழே இறங்கினால்தான் புது ஓடர் போடு என்று அந்தக் கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எட்டு ஒருநாளும் ஆறுக்குக் கீழே இறங்காது, ஏனென்றால் இல்லாத பக்கெட்டை யாரும் வாங்க முடியாது. வாங்காவிட்டால் இலக்கம் அசையாது, அசையாவிட்டால் ஓடரும் போகாது. சாதாரணத்துக்கோ 12 இருக்கும்போதே ஓடர் போய், பெட்டி பெட்டியாக வந்து நடைபாதையை அடைக்கிறது.

இது ஏதோ அபூர்வமான கோளாறு என்று நினைக்கத் தோன்றும். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பதிவுகளில் 65 விழுக்காடு பிழை. கூடுதலாக விற்கும் சாமான்களில் பிழையும் கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு விற்பனையும் பிழை விடுவதற்கு ஒரு சந்தர்ப்பம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பெருநாள் வாரத்தில் அந்தச் சந்தர்ப்பங்கள் பெருகிவிடுகின்றன.

கொழும்பில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். கடையில் சனம் நெரியும் அதே நாட்களில் அவர்களும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். எது உறைப்பு, எது சாதாரணம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர் லீவில் போக, கவுண்டரில் நேற்று வந்த ஒருவர் இருப்பார். அவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான்கு என்று தட்ட அந்த மெஷினே இடம் கொடுக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிவிடலாமே? ஐயாயிரம் வகைச் சாமான், ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 42 மணித்தியாலம் வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஒருவரின் வேலை வாரத்துக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரம் 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. அதாவது எண்ணுவதற்கென்றே ஒரு ஆளின் கிட்டத்தட்ட முழு வாரம் போய்விடும். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை ஏழு நாளும் திறந்திருக்கும் கடையில் ஒரு கவுண்டருக்கே 84 மணித்தியாலம் ஆள் வேண்டும். பெருநாள் வாரத்து ரோஸ்டரில் எண்ணுவதற்கு ஆள் எங்கே இருக்கிறது?

இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. எதை எண்ண வேண்டும் என்பதை விற்பனையே காட்டிக்கொடுத்துவிடும். நாளுக்குச் சராசரியாக ஒன்று விற்கும் சாமான் ஒரு நாள் விற்காமல் போவது சாதாரணம். அதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. மூன்று நாள் தொடர்ந்து விற்காமல் இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு. ஐந்து நாள் என்றால் 0.7 விழுக்காடுதான். இருந்தும் விற்கவில்லை என்பதை விட, இல்லை என்பதையே நம்ப வேண்டிய கட்டம் அது. இந்தக் கணக்குக்கு அடிப்படை, பிரெஞ்சுக் கணிதர் புவாசோனின் பெயரால் வழங்கும் பரவல். குதிரை உதைத்துச் செத்த பிரஷ்யப் படைவீரர்களின் ஆண்டுக் கணக்கு அதோடு பொருந்துவதை 1898இல் போர்ட்கியெவிச் காட்டினார். தற்செயலாக, ஒன்றையொன்று பாராமல் நடக்கும் எதற்கும் அது ஓரளவு பொருந்தும், கறித்தூள் வாங்குவது உட்பட.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. தீபாவளி வாரத்தில் அதே பக்கெட் நாளுக்கு ஐந்து போகிறது என்று வையுங்கள். அப்போது ஒரே ஒரு நாள் விற்காமல் இருப்பதற்கான வாய்ப்பும் அதே 0.7 விழுக்காடு. சாதாரண நாட்களில் ஐந்து நாள் காத்திருந்து அறிவதை நெரிசல் ஒரே நாளில் சொல்லிவிடுகிறது. பிழையைக் கூட்டுவதும் பெருநாள்தான், அதை விரைவாக வெளிக்காட்டுவதும் பெருநாள்தான்.

ஆகவே இரவில் கடை பூட்டியபின், இருப்பு இருப்பதாகக் காட்டியும் அன்று விற்காத வேகமான சாமான்களின் பட்டியலை எடுத்தால் போதும். அறுபது வகை வந்தாலும் அரை மணித்தியால வேலை. முதலில் ஸ்டோர்ஸில் பிரிக்காத பெட்டி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வகையையும் சேர்த்து எண்ண வேண்டும். உறைப்பில் 8 குறைந்து சாதாரணத்தில் 8 கூடியிருந்தால் அது பில் பிழை. ஒருவர் மீதும் சந்தேகம் வேண்டாம். எங்கும் கூடாமல் ஒன்றில் மட்டும் குறைந்தால்தான் களவு, உடைவு, கொண்டுவந்து இறக்கியவர் குறைத்து இறக்கியது என்ற மற்ற வழிகளைத் தேட வேண்டும். இறக்கிய அன்றே பெட்டியை எண்ணிக் கையெழுத்துப் போட்ட கடைக்கு அந்தக் கடைசி வழி அடைபட்டுவிடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. வாரத்துக்கு ஒன்று விற்கும் பித்தளை விளக்கு ஒரு வாரம் விற்கவில்லை என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை. ஐப்பசி மழை பின்னேரம் முழுக்கக் கொட்டினால் எல்லாச் சாமானுமே சேர்ந்து படுக்கும். அன்றையப் பட்டியலை நம்பக்கூடாது. களவுபோகக்கூடிய விலை உயர்ந்த பொருட்களை விற்பனையைப் பார்த்துக்கொண்டிராமல் நேரே எண்ணுவதுதான் சரி.

எண்ணித் திருத்தினால் இருப்பு மட்டுமே சரியாகும். பழைய விற்பனைப் பதிவு அப்படியே கிடக்கும். நம் கதையில் உண்மையாக விற்றது உறைப்பு 20, சாதாரணம் 8. கணினியில் உறைப்பு 12, சாதாரணம் 16. றாக்கை வெறுமையாகக் கிடந்த நாட்களோ கேள்வியே இல்லாத நாட்களாகப் பதிவாகியிருக்கும். அடுத்த தீபாவளி ஓடர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் போகும். அதனால் அந்த நேர்முகத் தேர்வுக் கேள்விக்கு முழுப் பதில் சொல்பவர், எண்ணித் திருத்திவிட்டு, எந்தச் சாமான் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை றாக்கையில் இல்லை என்பதை ஒரு கொப்பியில் தனியாக எழுதி, ஓடர் போடுபவரின் மேசையில் வைப்பார்.