மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

ஒன்றரைக் கட்டை உண்டு. இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எல்லாம் உண்டு. "எனக்கு மூன்றரைக் கட்டை சுருதி" என்று யாராவது சொன்னால் பக்கவாத்தியக்காரர் சிரித்துவிடுவார். ஆர்மோனியத்தில் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதுக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது. ஏழாவதுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் அப்படித்தான். ஏழரை நம்மைப் பிடிக்காத ஒரே இடம் அது.

மகளின் கீபோர்டு வகுப்பில் மாஸ்டர் தன் பாடத்தை இங்கேதான் ஆரம்பித்தார். ஸ்கேல் என்றால் என்ன, கார்டு எப்படிப் பிறக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். சும்மா உட்கார்ந்திருந்த நானும் எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பது பக்கம். படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மகள் இரண்டு கட்டையை அழுத்தி "இது என்னப்பா?" என்று கேட்டபோது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது பக்கத்தில் காதுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பாடத்தை ஒரே ஒரு அட்டவணையாகவும் ஒரு கட்டுச் சீட்டுகளாகவும் மாற்றிய கதை இது. சுரக்கூட்டான கார்டையும் கையில் பிடிக்கும் கார்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதவேண்டியிருக்கிறது. அதனால் கையில் பிடிப்பதைச் சீட்டு என்றே சொல்கிறேன். இன்னொன்று: இந்தக் கட்டுரையில் இன்டர்வல் என்றால் முறுக்கும் காபியும் இல்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள தூரம்.

பாடம் நடத்துபவர் ஒரு வரிசையில் பேசுவார்: முதலில் ஸ்கேல், பிறகு அதன் பெயர்கள், அதன்பின் கார்டு. அட்டவணைக்கு அந்த வரிசை உதவாது. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே கேள்வி கேட்டேன்: எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டைக்கு, எத்தனை படி? பதில் தராத வாக்கியத்தை அடித்துவிட்டேன். "மேஜர் சந்தோஷம், மைனர் சோகம்" என்பது முதலில் போனது. ஒன்பது பக்கம் ஒன்றரைப் பக்கமானது.

படி என்று நான் சொல்வது கறுப்பு, வெள்ளை பார்க்காமல் அடுத்த கட்டைக்குப் போவது. செமிடோன் என்பது அதுதான். முதல் சறுக்கல் இங்கேயே வந்தது. சி முதல் ஈ வரை உள்ள தூரத்துக்கு மேஜர் தேர்டு என்று பெயர். எண்ணினால் நாலு படி. தேர்டு என்றால் மூன்றுதானே என்று நான் குழம்பினேன். பெயர் வைப்பவர்கள் எழுத்தை எண்ணுகிறார்கள்: சி, டி, ஈ, ஆக மூன்று. அதில் கிளம்பிய எழுத்தும் சேர்த்தி. படி எண்ணும்போது கிளம்பிய கட்டையைச் சேர்க்கக்கூடாது. மாடிப்படி ஏறுகிறவன் தரையை எண்ணுவதில்லை. என் முதல் அட்டவணையில் பாதி எண்கள் ஒன்று கூடுதலாக இருந்ததற்குக் காரணம் தரையை எண்ணியதுதான்.

பிறகு மாஸ்டர் சொன்ன மேஜர் ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். சியில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் தாவல்கள் 2, 2, 1, 2, 2, 2, 1. நம் சங்கராபரணத்தின் சுரங்கள் இவைதான். ஒற்றைத் தாவல் வரும் இரண்டு இடங்களும் அந்த மூன்றரையும் ஏழரையும் காணாமல் போன இடங்கள். தாவல்களைக் கூட்டிக்கொண்டே போனால் சியிலிருந்து தூரம் 2, 4, 5, 7, 9, 11, 12 என்று வரும். அட்டவணையில் ஏழு வரிகள் இப்படியே நிரம்பின. மேஜர் என்று பெயருள்ள நாலிலும் ஒரு படி குறைத்தால் மைனர்: 1, 3, 8, 10. மிச்சம் நடுவில் தனியாக நிற்கும் 6.

| படி | சவிலிருந்து | பெயர் |
|---|---|---|
| 1 | ரி1 | மைனர் செகண்ட் |
| 2 | ரி2 | மேஜர் செகண்ட் |
| 3 | க2 | மைனர் தேர்டு |
| 4 | க3 | மேஜர் தேர்டு |
| 5 | ம1 | பெர்ஃபெக்ட் ஃபோர்த் |
| 6 | ம2 | ட்ரைடோன் |
| 7 | ப | பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் |
| 8 | த1 | மைனர் சிக்ஸ்த் |
| 9 | த2 | மேஜர் சிக்ஸ்த் |
| 10 | நி2 | மைனர் செவன்த் |
| 11 | நி3 | மேஜர் செவன்த் |
| 12 | மேல் ச | ஆக்டேவ் |

நடுப்பத்தி கட்டையின் இடத்தை மட்டும் சொல்கிறது. கமகத்தோடு பாடும் காந்தாரம் ஒரு கட்டைக்குள் அடங்காது.

இந்த அட்டவணை வந்ததும் கார்டு பற்றிய நாலு பக்கம் இரண்டு வரியாகச் சுருங்கியது. கீழே 4, அதன்மேல் 3 அடுக்கினால் மேஜர் கார்டு. கீழே 3, மேலே 4 என்றால் மைனர். இரண்டிலும் ஓரச் சுரங்களுக்கு நடுவே 7தான். மாறுவது நடுச் சுரம் மட்டும். எழுதியது சரியா என்று வெள்ளைக் கட்டைகளிலேயே சோதிக்கலாம். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று கட்டை அழுத்தி, எண்ணி, அடுத்ததற்கு நகர வேண்டும். சி, எஃப், ஜி மூன்றிலும் தொடங்குபவை மேஜராக வரும். டி, ஈ, ஏ மூன்றும் மைனர். பியில் தொடங்குவது மட்டும் 3, 3 என்று வரும். டிமினிஷ்டு என்பது அதுதான். வேறு கணக்கு வந்தால் எங்கோ தரையை எண்ணியிருக்கிறோம்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஹார்மானிக் மைனர் ஸ்கேலைச் சியில் வாசித்தால் ஏ ஃப்ளாட்டிலிருந்து பிக்கு ஒரே தாவலில் மூன்று படி வருகிறது. அட்டவணைப்படி மூன்று படி மைனர் தேர்டு. மாஸ்டரோ அதை ஆக்மென்டட் செகண்ட் என்றார். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். தனியாகக் கேட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை.

விடை வீட்டிலேயே இருந்தது. சரளி வரிசை கற்றவர்கள் மாயாமாளவகௌளையில் ரி1 முதல் க3 வரை தாவியிருப்பார்கள். அதுவும் மூன்று படி. ஆனால் ரியும் கவும் அடுத்தடுத்த சுரங்கள். பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர் வைத்த மரபு நம்முடையது. சுத்த காந்தாரமும் சதுஸ்ருதி ரிஷபமும் ஒரே கட்டைதான். பெயர் ராகத்தைப் பார்த்து வருகிறது, கட்டையைப் பார்த்து அல்ல. மேற்கிலும் அதே நியாயம். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஒலிச் சீட்டின் பின்பக்கம் படி எண் மட்டும் இருக்கும். பெயர் கேட்கும் சீட்டில் ஸ்கேலையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காதால் தீர்க்கமுடியாததைக் காதிடம் கேட்டுப் பயனில்லை.

இனி சீட்டுகள். முதல் கட்டில் எல்லாவற்றையும் சியிலிருந்தே வாசித்துப் போனில் பதிவு செய்தேன். மூன்றே நாளில் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த சனிக்கிழமை மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எஃப் ஷார்ப்பிலிருந்து இரண்டு சுரம் வாசித்தார்.

"இது எத்தனை சார்?"

"ஐந்து... இல்லை, ஏழு."

"நாலு. நீங்க தூரத்தைக் கேட்கலை சார். மேல இருக்கிற சுரத்தை அடையாளம் வெச்சுக்கிட்டீங்க."

உண்மைதான். கீழே எப்போதும் சி என்றால் மேல் சுரத்தை மனப்பாடம் செய்தாலே போதும். இரண்டாவது கட்டை வேறு மாதிரி செய்தேன். 3, 4, 7, 12 என்று நாலே தூரங்கள். ஒவ்வொன்றும் சி, எஃப் ஷார்ப், ஏ மூன்றிலிருந்தும். ஏறுமுகம் ஒன்று, இறங்குமுகம் ஒன்று. மொத்தம் 24 சீட்டு. இந்த நாலு பழகும்வரை ஐந்தாவதைச் சேர்க்கவில்லை.

பதிவில் சில சின்ன விஷயங்கள் காலை வாரும். கீபோர்டின் தாளத்தை நிறுத்த வேண்டும். இரண்டு சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் வாசிக்க வேண்டும். கஷ்டமான தூரத்தில் விரல் தயங்கினால் அந்தத் தயக்கமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். கோப்புக்கு விடையைப் பெயராக வைத்தால், போனில் ஒலிக்கும்போதே திரையில் தெரியும். நான் வெறும் எண் கொடுத்தேன். கணினியில் Anki செயலி வைத்திருப்பவர்கள் இப்படி ஒரு உரைக் கோப்பு எழுதி உள்ளே இழுத்துக்கொள்ளலாம்; ஒலிக் கோப்புகளை `collection.media` என்ற அடைவில் போட வேண்டும்.

```
[sound:017.mp3];4
[sound:018.mp3];3
```

செயலி வேண்டாம் என்றால் காகிதமே போதும், ஆனால் இருவர் வேண்டும். சீட்டில் "ஏ, 7, கீழே" என்று இருக்கும். ஒருவர் அதைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரும்பி உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தம்புராவில் வளர்ந்த காதுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஈ, எஃப் என்ற இரண்டு சுரத்தையும் வாசித்தால் என் மகளுக்கு அது க, ம என்று கேட்கிறது. சி, சி ஷார்ப் என்றால் ச, ரி1. இரண்டும் ஒரே ஒரு படிதான் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவள் கேட்பது சவிலிருந்து உள்ள உறவை. சீட்டு கேட்பது வெறும் தூரத்தை. இரண்டும் வேண்டியவைதான், ஆனால் ஒரே கட்டில் கலந்தால் இரண்டும் கெடும். அதனால் சுருதிப்பெட்டி ஓட ஒரு கட்டு, சுருதி இல்லாமல் ஒரு கட்டு என்று பிரித்துவிட்டோம்.

கார்டுச் சீட்டுகளைக் கடைசியில்தான் எடுத்தோம். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது அடிச்சுரத்தைப் பிடித்து வாய்விட்டுப் பாடி, அங்கிருந்து நடுச் சுரத்துக்கு ஏறினால் 4 என்றால் மேஜர், 3 என்றால் மைனர். இந்த வழி ஓர் இடத்தில் ஏமாற்றும். சி, ஈ, ஜியில் உள்ள சியை மேலே தூக்கிப் போட்டு ஈ, ஜி, சி என்று வாசித்தால் அடியில் 3, மேலே 5. காது மைனர் என்று சொல்லும். ஆனால் அது அதே மேஜர் கார்டுதான். இரண்டு இடைவெளியில் 5 வந்தால் கார்டு புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. அந்த ஐந்தின் மேல்முனையில் இருப்பதுதான் கார்டின் தாய்ச் சுரம். அதைக் கீழே கொண்டுவந்து மறுபடி எண்ண வேண்டும்.

ஒரு மாதம் ஆகிறது. மூன்றும் நாலும் எனக்கு இப்போது குழம்புவதில்லை. ஐந்தும் ஏழும் இன்னும் குழம்புகின்றன, அதுவும் இரண்டு சுரத்தையும் சேர்த்து அழுத்தினால். சிக்கு மேல் ஜி ஏழு படி. அதே ஜிக்கு மேல் அடுத்த சி ஐந்து படி. இரண்டு தூரத்திலும் இருப்பது அதே இரண்டு சுரங்கள்தான், எது கீழே என்பது மட்டுமே வேறு. அந்தச் சீட்டுகளில் மகள் என்னைவிடப் பதினொன்று முன்னால் இருக்கிறாள்.