நான்காம் நாளிலிருந்து ஒரு மாதம்

ஜெர்மனியின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருவின் பெயரும் கட்டட எண்ணும் இருக்கும். அதற்கு மேல் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைத்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அலுவலகக் கடிதம் அந்தப் பெயருக்கே வரும். ஊரில் எல்லோரும் கூப்பிடும் சொந்தப் பெயரை மட்டும் பெட்டியில் எழுதி வைத்தால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். அரசுப் பதிவில் என்ன பெயர் இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் பெட்டியில் ஒட்டுவதுதான் அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த நாட்டில் அரசாங்கம் இன்னமும் காகிதத்தில்தான் பேசுகிறது. வீடு மாறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு 'ஆன்மெல்டுங்' என்று பெயர். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது; இவர் என் வீட்டில் குடியேறியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். பதிந்த சில வாரங்களில் பெட்டி நிறையத் தொடங்கும். 11 இலக்க வரி எண் ஒரு கடிதத்தில் வரும். அது ஆயுளுக்கும் மாறாத எண், பத்திரமாக வைக்க வேண்டியது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு இன்னொரு கடிதம் வரும். வீட்டில் டிவியே இல்லை, இது ஏதோ மோசடி என்று அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது மோசடி இல்லை. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பது சட்டம். அறையைப் பகிர்ந்து வாழும் நண்பர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால், அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும்.

இவையெல்லாம் எளிய கடிதங்கள். உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஒரு கடிதம் தகவல் சொல்கிறதா, கருத்துக் கேட்கிறதா, முடிவை அறிவிக்கிறதா என்று பிரித்தறிவதைத்தான்.

கருத்துக் கேட்கும் கடிதத்தின் தலைப்பில் 'ஆன்ஹோருங்' என்ற சொல் இருக்கும். உதாரணமாக, குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகையைக் கொடுக்கும் அலுவலகம், சில மாதத் தொகை உங்களுக்கு உரியதில்லை என்று நினைக்கிறோம், திரும்பக் கேட்க எண்ணியிருக்கிறோம், உங்கள் தரப்பு என்ன என்று எழுதும். அதைப் பார்த்துப் பதறிப்போய் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இன்னும் எதுவும் முடிவாகவில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் நடந்ததை எழுதி ஆதாரத்தை இணைத்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடவும் கூடும்.

முடிவை அறிவிக்கும் கடிதம் 'பெஷைட்'. வரிக் கணக்கின் முடிவு, உதவித்தொகை விண்ணப்பத்தின் முடிவு, குடியிருப்பு அனுமதி பற்றிய முடிவு எல்லாமே பெஷைட்தான். இதற்குப் பல் உண்டு. உரிய நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அதில் தவறே இருந்தாலும் பெரும்பாலும் அதுவே நிலைத்துவிடும். மறுப்பது எப்படி, யாருக்கு எழுதுவது, எத்தனை நாளுக்குள் என்பதையெல்லாம் அதன் கடைசிப் பகுதியில் ஒரு பத்தியாகச் சொல்லியிருப்பார்கள். அதற்கு 'ரெஹ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்' என்று வாயில் நுழையாத ஒரு பெயர். பெயரை உச்சரிக்க வராவிட்டால் பரவாயில்லை. கண்ணுக்கு அடையாளம் தெரிந்தால் போதும், ஏனென்றால் கடிதத்திலேயே மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பத்தி அதுதான்.

ஒரு வரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட் போன ஒரு மென்பொருள் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்காக இடம் மாறியவர் அந்தச் செலவை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், விமானக் கட்டணம் 2,340 யூரோவை அவர் கணக்கில் காட்டியிருக்கிறார். வரி அலுவலகத்தின் பெஷைட் 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை தேதியிட்டு வருகிறது. முதல் பக்கத்தில் எவ்வளவு வரி என்று தீர்மானித்தார்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தாகிவிட்டது, மிச்சம் யார் யாருக்குத் தர வேண்டும் என்ற கணக்கு. எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். அங்கே புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கும்; 2.340,00 என்றால் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. அடுத்த பக்கங்களில் கணக்கின் விவரம். அதற்குப் பின்னால் 'எர்லாய்டருங்கன்' என்ற தலைப்பில் சிறு எழுத்தில் விளக்கங்கள். நம் கணக்கிலிருந்து அலுவலகம் எங்கே விலகியது என்பதை அந்த விளக்கத்தில்தான் தேட வேண்டும். பயணச் செலவை நிறுவனம் திருப்பித் தரவில்லை என்பது தெளிவாகவில்லை, ஆகவே ஏற்கவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது.

நிறுவனம் தரவில்லை, அதை எழுதி வாங்கவும் முடியும் என்பது பொறியாளருக்குத் தெரியும். இனி நாள் கணக்குத்தான். சாதாரணத் தபாலில் வந்த பெஷைட், அனுப்பிய நாளுக்குப் பிறகு நான்காம் நாளில் கையில் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2024 வரை இது மூன்றாம் நாளாக இருந்தது. தபால் மெதுவாகிவிட்டதால் 2025 ஜனவரி 1 முதல் ஒரு நாள் கூட்டிவிட்டார்கள். கடிதம் மறுநாளே வந்தாலும் கணக்கு நான்காம் நாள்தான். மார்ச் 11-க்குப் பின் நான்காம் நாள் மார்ச் 15, சனிக்கிழமை. வரி விஷயத்தில் அந்த நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்று அமைந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். ஆகவே மார்ச் 17, திங்கள். அங்கிருந்து ஒரு மாதம். ஏப்ரல் 17, வியாழன் நள்ளிரவோடு கெடு முடிகிறது. அதற்குள் மறுப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் கணக்கில் வராது.

வரி விஷயத்தில் மறுப்புக்குப் பெயர் 'ஐன்ஷ்ப்ரூக்'. மற்றப் பெரும்பாலான அலுவலகங்களில் 'விடர்ஷ்ப்ரூக்'. பெயரை மாற்றி எழுதிவிட்டோமே என்று கலங்க வேண்டாம். வரிச் சட்டம் தவறான பெயரால் மறுப்பு கெடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நான்கு வரி போதும். வரிக் கோப்பு எண், பெஷைட்டின் தேதி, இதை மறுக்கிறேன் என்ற வாக்கியம், காரணமும் ஆதாரமும் பின்னால் வரும் என்ற குறிப்பு. கெடுவுக்குள் போக வேண்டியது மறுப்புதான். நிறுவனத்தின் சான்று அடுத்த வாரம் வந்தாலும் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். சான்று கிடைக்கட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள்தான் பரிதாபத்துக்குரியவர்கள்.

இந்த மறுப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மறுத்துவிட்டதாலேயே கட்டவேண்டிய பணம் நின்றுவிடாது. அதை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்று, மறுப்பு வந்ததும் அலுவலகம் கணக்கு முழுவதையும் மறுபடி பார்க்கலாம். நமக்குச் சாதகமாக விட்டுப்போன ஒரு பிழை கண்ணில் பட்டால் வரி கூடவும் செய்யும். அப்படிக் கூட்டுவதற்கு முன்னால் அவர்கள் நம்மிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தில் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், பொதுவாகப் பழைய முடிவே நிற்கும்.

கடிதத்தில் அந்தக் கடைசிப் பத்தி இல்லாமலே போனால், அல்லது தவறாக அச்சாகியிருந்தால், பொதுவாக மறுப்புக்கான காலம் ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு வருடமாக நீளும். ஜெர்மன் தெரியாது என்ற காரணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அலுவலக மொழி ஜெர்மன் என்று சட்டமே சொல்லிவிட்டது. புரியாத கடிதத்தைப் புரிந்தவரிடம் கொண்டுபோவது வாங்கியவரின் பொறுப்பு.

மஞ்சள் உறையில் வரும் கடிதம் வேறு ரகம். அது நேரில் ஒப்படைக்க வேண்டிய கடிதம். வீட்டில் யாரும் இல்லையென்றால் தபால்காரர் பெட்டியில் போட்டு, உறையின் மேல் தேதியை எழுதிவிட்டுப் போவார். இங்கே நான்கு நாள் கணக்கு இல்லை. எழுதிய தேதியிலேயே கெடு தொடங்கிவிடும். அதனால் உறையைக் கிழித்துக் குப்பையில் போடக் கூடாது. கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி வைக்க வேண்டும். இப்படி வருவதில் மிகவும் பயமுறுத்துவது 'மான்பெஷைட்'. நீதிமன்றத்தின் பெயர் இருப்பதால், வழக்கு நடந்து தீர்ப்பே வந்துவிட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. யாரோ ஒருவர், செல்போன் ஒப்பந்தத்துக்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ பாக்கி இருக்கிறது என்று படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கடன் உண்மையா என்று நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. உள்ளே ஒரு மறுப்புப் படிவமும் இருக்கும். அந்தக் கடன் நம்முடையதில்லை என்றால் கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, 2 வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. பேசாமல் இருந்துவிட்டால் அடுத்து வரும் உத்தரவைக் கொண்டு வங்கிக் கணக்கையே முடக்கலாம். அதை மறுக்க இன்னொரு 2 வாரம் உண்டு. அதுவும் போனால் அந்த உத்தரவு 30 ஆண்டுக்குச் செல்லும்.

1980-களில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் போன தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கடிதங்களைப் படித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்றைக்கும் பல வீடுகளில் அதே ஏற்பாடுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சரளமாக வரும். ஆனால் கருத்துக் கேட்பதும் முடிவு சொல்வதும் வேறு வேறு என்பது அதற்கு எப்படித் தெரியும்? பெற்றோரின் கடனையும் விசா நிலையையும் அந்த வயதில் அது சுமக்கவும் கூடாது.

இதற்கென்றே அரசுப் பணத்தில் இயங்கும் ஆலோசனை மையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. புதிதாகக் குடியேறிய பெரியவர்களுக்கான இந்தச் சேவையைக் காரித்தாஸ், தியாகோனி போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. வரிக் கணக்கை மட்டும் அவர்கள் தொட மாட்டார்கள்; அதற்குச் சம்பளக்காரர்களின் வரி உதவிச் சங்கங்கள் தனியாக உண்டு, அங்கே வருமானத்துக்கேற்ற ஆண்டுச் சந்தா. எங்கே போனாலும் முதல் பக்கத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. எல்லாப் பக்கமும், உறையும் வேண்டும்.

கெடு நாளைக்கு முடிகிறது, எழுதித் தர ஆளில்லை என்றால் இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. பெஷைட்டை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே நேரில் போய், 'ட்ஸுர் நீடர்ஷ்ரிஃப்ட்' என்று சொல்ல வேண்டும். நாம் வாயால் சொல்லும் மறுப்பை அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்பது அதன் பொருள். உதவித்தொகை அலுவலகங்களில் இது ரொம்பப் பயன்படும், ஏனென்றால் அங்கே சாதாரண மின்னஞ்சலில் அனுப்பும் மறுப்பு செல்லாது. வரி அலுவலகம் மின்னஞ்சலை ஏற்கும். ஊழியர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, சரியென்றால் கையெழுத்துப் போட்டு, வரவு முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரலாம்.